தவத்துக்கு, தலவாக்கலையிலிருந்து

அன்புள்ள தவமணி,

நான் சாந்தி. மேல்கணக்கு சாந்தி என்றால்தான் உனக்குச் சட்டென்று பிடிபடும், வகுப்பில் சாந்திகள் நிறையப் பேர் இருந்தோமே. காலைக் கோச்சியில் உன்னோடு சேர்ந்து ஹட்டனுக்குப் பள்ளிக்கூடம் வந்தவள்.

போன கிழமை நம்ம தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் உன் தம்பியைக் கண்டேன். அவனே கூட்டத்துக்குள் புகுந்து வந்து, "சாந்தியக்காதானே?" என்று கேட்டான். மீசையும் தொப்பையுமாக நின்றவனை எனக்கு முதலில் தெரியவில்லை. சிரித்த பிறகு தெரிந்துவிட்டது, உங்கள் வீட்டுச் சிரிப்பு அது. நீ திருகோணமலையில் இருக்கிறாய், ஆஸ்பத்திரியில் தாதி வேலை, பிள்ளைகள் இரண்டு பேர் என்று சொல்லி, உன் நம்பரையும் என் போனில் போட்டுக் கொடுத்தான். அன்றைக்கு ராத்திரி முழுக்க உன் நினைப்புத்தான்.

காரியம் ஒன்றும் இல்லை தவம். உனக்கு எழுத வேண்டும் போல இருந்தது, எழுதுகிறேன். டியூட்டி முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் ஆறுதலாக வாசி.

நாங்கள் லயத்தை விட்டு இப்போது தனி வீட்டுக்கு வந்துவிட்டோம். ஏழு பேர்ச் காணியில் கட்டியது. சின்ன வீடுதான், ஆனால் பக்கத்துக் காம்பராவின் சுவரில்லை, வாசலில் அம்மா இரண்டு ரோசாச் செடி வைத்திருக்கிறார். சாமான் மாற்றும்போது அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் கிளறினேன். அடியில் என் சமூகக்கல்விக் கொப்பி இருந்தது. பாதிக்கு மேல் அதில் என் எழுத்தே இல்லை. உன் எழுத்து.

எனக்கு அம்மை போட்டு வீட்டோடு கிடந்தேனே, அந்த நேரம். வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தார்கள், உன்னை உள்ளே விடவில்லை. நீ தினமும் பின்பக்கத்து ஜன்னலடியில் வந்து நின்று என் கொப்பியை வாங்கிக்கொண்டு போவாய். மறுநாள் பின்னேரம் எழுதிக் கொண்டுவந்து தருவாய். உன் வீட்டில் குப்பி லாம்பு. அந்த வெளிச்சத்தில் உன் வீட்டுப்பாடத்தையும் முடித்து, எனக்கும் எழுதியிருக்கிறாய். ஒரு பக்கம்கூட அவசரமாக எழுதின எழுத்தாக இல்லை. தலைப்புக்குக் கீழே அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு போட்டிருக்கிறாய்! நான் இப்போது தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர். பின்னேரம் களைத்துப்போய் வீட்டுக்குப் போகிற பிள்ளைகளை நாள்தோறும் பார்க்கிறேன். அந்த வயதில் இன்னொரு பிள்ளைக்காக இத்தனை பக்கம் எழுதுவது எவ்வளவு பெரிய விசயம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வருசம் நான் ஓ.எல். சித்தியடைந்ததில் உன் கைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

அதில் ஒரு பக்கம் இலங்கைப் படம். மகாவலியை நீலப் பென்சிலால் தடிப்பாக வரைந்து, அதில் வந்து சேரும் கொத்மலை ஓயாவை மெல்லிய கோடாகப் போட்டு, பக்கத்தில் "நம்ம ஆறு" என்று குட்டியாக எழுதியிருக்கிறாய். சேர் அதை அடிக்கவில்லை, பக்கத்தில் ஒரு சரி போட்டிருக்கிறார். அந்த நீலக் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். கண்டியைச் சுற்றி, கிழக்கே திரும்பி, கடைசியில் மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் கடலில் சேருகிறது. நம்ம ஆற்றுத் தண்ணீர் போய்ச் சேருகிற ஊரில்தான் நீ இருக்கிறாய் என்று நினைத்ததும் அவ்வளவு சந்தோசமாக இருந்தது.

நம்ம ஆறும் இப்போது பழைய மாதிரி இல்லை. நீ போன பிறகு தலவாக்கலையில் அணை கட்டினார்கள், மேல் கொத்மலைத் திட்டம், 2012இல் வேலை செய்யத் தொடங்கியது. டவுனுக்குப் பக்கத்திலேயே பெரிய குளம் மாதிரித் தண்ணீர் நிற்கிறது. ஆற்றோரத்தில் இருந்த வீடுகளும் கடைகளும் போய்விட்டன, அங்கே இருந்தவர்களுக்கு வேறு இடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். தண்ணீரைக் கிட்டத்தட்ட 13 கிலோமீற்றர் சுரங்கத்தில் கொண்டுபோய்க் கரண்ட் எடுக்கிறார்கள். அதனால் சென்கிளேயர் நீர்வீழ்ச்சி நம்ம காலத்துச் சென்கிளேயர் இல்லை. குறித்த நேரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள், மற்ற நேரம் பாறைதான் கூடுதலாகத் தெரிகிறது. கோச்சியில் அந்த இடம் வந்ததும் எல்லாரையும் தள்ளிவிட்டு ஜன்னலுக்கு ஓடுவாயே, உனக்கு இதைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. டெவன் அப்படியே விழுந்துகொண்டிருக்கிறது, அது ஒரு ஆறுதல்.

சிங்கமலைச் சுரங்கத்திலும் மாற்றமில்லை. கொட்டகலை தாண்டி அதற்குள் நுழைந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்றைக்கும் ஊ என்று கத்துகிறார்கள். போன மாதம் ஹட்டனுக்குப் போகும்போது என் மகளும் கத்தினாள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023இல் நம்ம ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 வருசம் ஆனதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள், நீயும் டீவியில் பார்த்திருப்பாய். மாத்தளையில் நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன். நடக்கும்போது உன் அப்பாயிதான் மனதுக்குள் வந்தார். மழை நேரத்தில் அடுப்படியில் நம்ம இரண்டு பேரையும் உட்கார வைத்து, சுடச்சுட ரொட்டியும் கட்டாச் சம்பலும் தந்து, தன் பாட்டன் பூட்டன் காட்டு வழியே நடந்து வந்த கதையைச் சொல்வாரே. வழியில் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள் என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். அப்போது நமக்கு அது கதை. அந்த ரோட்டில் நின்றபோது, அவர் ஒவ்வொரு சொல்லையும் யாருக்காகப் பத்திரமாக வைத்திருந்தார் என்று விளங்கியது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தக் கதையை அப்பாயி சொன்ன மாதிரியே சொல்கிறேன். தவமணியின் அப்பாயி சொன்னது என்றுதான் ஆரம்பிப்பேன், ஆகவே உன்னை ஒருநாளும் காணாத பிள்ளைகளுக்கெல்லாம் இங்கே உன் பேர் தெரியும்.

அம்மா வேலையிலிருந்து நின்றுவிட்டார். முழங்கால் வலி இருக்கிறது, மற்றபடி சுகம். இன்றைக்கும் கொழுந்து மடுவம் பக்கம் போய் நின்று, யார் எத்தனை கிலோ என்று பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். உன் பேரைச் சொன்னதும், "அந்தப் புள்ள நல்ல புள்ள, ஜன்னல்ல வந்து நிக்குமே" என்றார். நம்ம புனிதா பண்டாரவளையில் தையல் கடை வைத்து நன்றாக இருக்கிறாள். என் மகள் ஆண்டு ஏழு படிக்கிறாள், படம் வரைவாள், வாய் கொஞ்சம் கூட.

அந்த மகாவலிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து இதோடு அனுப்புகிறேன். தங்கள் அம்மா ஆண்டு பதினொன்றில் எவ்வளவு அழகாக எழுதினாள் என்று உன் பிள்ளைகள் பார்க்கட்டும். வேலையும் வீடும் உனக்கு எப்படி என்று தெரியும், இதற்குப் பதில் எழுத வேண்டுமே என்று மனதில் பாரம் வைத்துக்கொள்ளாதே. நீ நல்லபடியாக இருக்கிறாய் என்று தம்பி வாயால் கேட்டதே எனக்குப் பெரிய சந்தோசம்.

வீட்டுக்காரருக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன்
சாந்தி