நெசவுக்கூடம்: தினசரித் தறி இயக்க அறிக்கை, 2024 ஜூலை 18 (வியாழன்)

பெறுநர்: ஆலை முகாமையாளர்
பிரதி: பராமரிப்புப் பகுதி, நூல் களஞ்சியம், மூன்று ஷிப்ட் மேற்பார்வையாளர்கள்
இடம்: திருகோணமலை
காலம்: வியாழன் காலை 6 மணி முதல் வெள்ளி காலை 6 மணி வரை

மொத்தம் 24 ரேப்பியர் தறிகள். தறி 1 முதல் 16 வரை சாரம் (40ஆம் நம்பர் பருத்தி), 17 முதல் 24 வரை படுக்கைவிரிப்பு (20ஆம் நம்பர்).

நேற்று தறிகளின் இயக்கத்திறன் 78.8%. புதன்கிழமை 82.4% வந்திருந்தது, நமது இலக்கு 85%. துணி 2,307 மீற்றர் இறங்கியது. இலக்குப்படி 2,487 வந்திருக்க வேண்டும், ஆக 180 மீற்றர் குறைவு.

| | முதல் ஷிப்ட் (6–2) | இரண்டாம் ஷிப்ட் (2–10) | இரவு ஷிப்ட் (10–6) | நாள் மொத்தம் |
|---|---|---|---|---|
| இயக்கத்திறன் | 84.0% | 73.5% | 79.0% | 78.8% |
| துணி (மீ.) | 819 | 717 | 771 | 2,307 |
| ஓடிய தறி நிமிடம் | 9,677 | 8,467 | 9,101 | 27,245 |
| நின்ற தறி நிமிடம் | 1,843 | 3,053 | 2,419 | 7,315 |
| – பாவு நூல் அறுப்பு | 610 | 1,180 | 655 | 2,445 |
| – ஊடை அறுப்பு, கோன் மாற்றம் | 340 | 355 | 330 | 1,025 |
| – பீம் மாற்றம், முடிச்சு | 285 | 130 | 415 | 830 |
| – மெக்கானிக், மின்வேலை | 245 | 188 | 199 | 632 |
| – மின்தடை | 0 | 840 | 0 | 840 |
| – காத்திருப்பு (ஆள், நூல், பீம்) | 363 | 360 | 820 | 1,543 |

கணக்கு வழக்கம்போலத்தான்: 24 தறி × 480 நிமிடம் = ஒரு ஷிப்டுக்கு 11,520 தறி நிமிடம். சாப்பாட்டு நேரத்தையும் தேநீர் நேரத்தையும் கழிக்கவில்லை. அந்த நேரத்தில் மாற்றாள் தறியைப் பார்க்கவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. சாரத் தறி நிமிடத்துக்கு 200 ஊடை, அங்குலத்துக்கு 60. விரிப்புத் தறி 160 ஊடை, அங்குலத்துக்கு 48. இரண்டுக்கும் நூறு விழுக்காட்டில் ஒரு ஷிப்டுக்கு 40.6 மீற்றர்தான் வரும் என்பதால் தறிகளை ஒன்றோடொன்று நேரடியாக ஒப்பிடலாம்.

இரண்டாம் ஷிப்ட்

நேற்றுப் பின்னேரம் கரண்ட் போனதால்தான் உற்பத்தி விழுந்தது என்று கூடத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மைதான். பின்னேரம் 3.05க்கு லைன் போய் 3.40க்கு வந்தது. 24 தறியும் 35 நிமிடம் நின்றதில் 840 தறி நிமிடம், அதாவது 71 மீற்றர் போனது. ஆனால் அந்த 840ஐக் கணக்கிலிருந்து முழுதாக எடுத்துவிட்டுப் பார்த்தாலும் இரண்டாம் ஷிப்டின் திறன் 79.3% தான். முதல் ஷிப்டை எட்ட இன்னும் கிட்டத்தட்ட 5 புள்ளி குறைகிறது. அது எங்கே போனது என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

பாவு அறுப்பில்தான் போயிருக்கிறது. முதல் ஷிப்டில் 203 அறுப்பு, இரவில் 214, இரண்டாம் ஷிப்டில் மட்டும் 295. இந்த 295இல் 171 அறுப்புகள் 3.40க்கும் 6.30க்கும் இடையில் விழுந்தவை. காரணம் ஈரப்பதன். லைன் போனபோது ஈரப்பதன் பம்ப் டிரிப் ஆகியது. கரண்ட் வந்ததும் தறிகளைத் தட்டிவிட எல்லோரும் ஓடினார்கள், பம்பை யாரும் பார்க்கவில்லை. 5.50க்குத்தான் அது மறுபடி ஓடத் தொடங்கியது. கூடத்து ஈரமானிப் பதிவு இப்படி இருக்கிறது: காலை 6 மணிக்கு 76%, பின்னேரம் 2 மணிக்கு 68%, 4 மணிக்கு 57%, 5.30க்கு 53%, இரவு 8 மணிக்கு 72%.

இது ஜூலை மாதம், கச்சான் வீசும் காலம். மழைக்காலத்தில் பம்ப் இரண்டு மணித்தியாலம் நின்றாலும் நூலுக்கு ஒன்றும் ஆகாது, வெளியிலேயே ஈரம் கிடக்கும். கச்சான் பிடித்த நாளில் மேற்குப் பக்க ஜன்னல் ஒன்று திறந்திருந்தாலே போதும், கஞ்சி போட்ட பருத்திப் பாவு விறைத்து, விழுதுக்கும் அச்சுக்கும் இடையில் பொட்டுப் பொட்டென்று அறும். நேற்று மேற்கு ஜன்னல்கள் மூன்று திறந்திருந்தன. கரண்ட் இல்லாத வெக்கையில் ஆட்கள் திறந்ததைக் குறை சொல்ல முடியாது. கரண்ட் வந்தபிறகு மூடியிருக்கலாம்.

மெல்லிய நூலுக்கு அடி அதிகம். இரண்டாம் ஷிப்டில் சாரத் தறிகளின் திறன் 70.6%, விரிப்புத் தறிகளுடையது 79.3%. இரண்டுக்கும் கரண்ட் போனது ஒரே அளவு. ஆகவே இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு காய்ந்த காற்றால் வந்ததுதான்.

இன்னொரு விடயம் எண்ணிக்கையில் தெரியாது. முதல் ஷிப்டில் ஓர் அறுப்பைச் சரிசெய்ய 3 நிமிடம் ஆனது, இரண்டாம் ஷிப்டில் 4 நிமிடம். நெசவாளர்கள் மந்தமாக வேலை செய்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஒருவருக்கு 6 தறி. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று தறி நின்றால், ஒன்றில் கை வைத்திருக்கும்போது மற்றவை சும்மா நிற்கும். இந்த ஷிப்டின் நால்வரையும் அழைத்து விசாரிக்கவேண்டாம் என்பது என் கருத்து.

மற்ற இரு ஷிப்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டால் பாவு அறுப்பில் மட்டும் 547 தறி நிமிடம் மேலதிகம், 46 மீற்றர் இழப்பு.

காத்திருப்பு 360இல் சுமார் 190 நிமிடம் கரண்ட் வந்தபின் தறிகளை ஒவ்வொன்றாகத் தொடங்கியதில் போனது. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தட்டினால் பிரேக்கர் விழும் என்பதால் அது தவிர்க்க முடியாதது. தொடங்கிய இடத்தில் எட்டு விரிப்புத் தறியிலும் குறுக்குக் கோடு விழுந்திருக்கிறது. பரிசோதனை மேசையில் 11 மீற்றரை இரண்டாம் தரத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். மேலே உள்ள 2,307இல் அதுவும் அடங்கும்.

இரவு ஷிப்ட்

அறுப்பு சாதாரணம், இயந்திரக் கோளாறும் பெரிதாக இல்லை. போனதெல்லாம் காத்திருப்பில்தான்: 820 தறி நிமிடம்.

தறி 3 இரவு 10.40க்கும், தறி 12 11 மணிக்கும், தறி 20 11.20க்கும் பீம் முடிந்து நின்றன. முடிச்சு மெஷினும் ஒன்று, அதைப் பிடிக்கத் தெரிந்தவரும் இரவில் ஒருவர். தறி 3 12.50க்கு ஓடத் தொடங்கியது. அதுவரை தறி 12 காத்திருந்து 3.10க்கு ஓடியது, தறி 20க்கு 5.35 ஆனது. இரண்டும் சேர்ந்து வரிசையில் நின்றது மட்டும் 340 நிமிடம், 29 மீற்றர். மூன்று பீமும் ஒரே நாளில் ஏற்றப்பட்டவை, ஆகவே ஒரே நேரத்தில் முடிந்ததில் ஆச்சரியமில்லை. பின்னேரம் 6 மணிக்கே மீதியைப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். இரண்டாம் ஷிப்டில் முடிச்சாளுக்கு ஒரு பீம் வேலைதான் இருந்தது, தறி 3ஐ 9 மணிக்கே வெட்டி முடிச்சுப் போட்டிருக்கலாம்.

மிச்சம் 480 நிமிடம் தறி 22. இரண்டாம் ஷிப்ட் முடியும் தறுவாயில் பீம் தீர்ந்து, இரவு முழுக்கச் சும்மா நின்றது. கஞ்சி போட வெளியூருக்கு அனுப்பிய விரிப்புப் பீம்கள் புதன்கிழமை வரவேண்டியவை. லொறி இன்று காலை 6.20க்குத்தான் வாசலுக்கு வந்தது. இழப்பு 41 மீற்றர்.

கரண்ட் 71, காய்ந்த பாவு 46, முடிச்சு வரிசை 29, பீம் இல்லாத தறி 41. மொத்தம் 187 மீற்றர். இலக்குக்குக் குறைந்தது 180. இந்த நான்கும் இல்லாவிட்டால் நேற்றும் 85% தொட்டிருப்போம். இதில் கரண்ட் மட்டும்தான் நம் கையில் இல்லாதது. மற்ற 116 மீற்றரும் நாம் விட்டது.

முதல் ஷிப்ட்

குறையாகச் சொல்ல அதிகமில்லை. மூதூர்ப் பக்கமிருந்து வரும் இருவரின் பஸ் 15 நிமிடம் பிந்தியதால் 12 தறி அவ்வளவு நேரம் நின்றது (180). இரவு ஷிப்ட் ஆட்கள் 6 மணி அடித்ததும் போய்விட்டார்கள். கையளிக்காமல் தறியை விட்டுப் போகக்கூடாது என்ற விதி நோட்டீஸ் பலகையில் இருக்கிறது, கூடத்தில் இல்லை. தறி 14இல் ரேப்பியர் பட்டி தேய்ந்து அறுந்து 165 நிமிடம் போனது. களஞ்சியத்தில் இனி ஒரே ஒரு பட்டிதான் இருக்கிறது.

தறி 7

இதைத் தனியாக எழுதவேண்டியிருக்கிறது. மூன்று ஷிப்டிலும் 71%, 58%, 69%. நேற்று மட்டும் 62 பாவு அறுப்பு, அதில் 40 இடது கரையோரம் ஒரே சாணளவுக்குள். பக்கத்துத் தறிகள் 8, 9 இரண்டிலும் இதே லொட் பாவுதான், அங்கே இந்தத் தொல்லை இல்லை. ஆகவே நூலில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. இடது பக்கத்தில் அச்சுப் பல் வளைந்திருக்கிறது என்று நினைக்கிறேன். விரலால் தடவினால் ஓரிடத்தில் சுரண்டுகிறது. பீமில் இன்னும் 210 மீற்றர் இருக்கிறது, இந்த வேகத்தில் இரண்டரை நாளுக்கு மேல் எடுக்கும். அது முடியட்டும் என்று காத்திருந்தால் அத்தனை நாளும் இதே இழப்பு. நாளை அச்சை மாற்றுவது நல்லது.

இன்றும் நாளையும்

சனிக்கிழமை எசலப் போயா, காலை 6 முதல் ஞாயிறு காலை 6 வரை தறிகள் ஓடாது. அந்த நேரத்தில் தறி 7இன் அச்சு மாற்ற ஃபிட்டர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விடுமுறைநாள் கொடுப்பனவுக்கு முகாமையாளரின் கையொப்பம் இன்று பின்னேரத்துக்குள் வேண்டும்.

ஈரப்பதன் பம்பை ஜெனரேட்டர் லைனுக்கு மாற்றக் கேட்டிருக்கிறேன். தறிகளைத் தாங்காத அந்த ஜெனரேட்டர் பம்பைத் தாராளமாகத் தாங்கும் என்று மின்வேலையாளர் சொல்கிறார். மாற்றும்வரை, கரண்ட் வந்ததும் முதலில் பம்ப், பிறகு ஜன்னல், அதற்கு அப்புறம் தறி. இன்று காலை மூன்று மேற்பார்வையாளர்களுக்கும் இதை நேரில் சொல்லியாயிற்று.

பீம் மீதியை இனி காலை 6, பின்னேரம் 2, மாலை 6 என மூன்று வேளையும் கரும்பலகையில் எழுதவேண்டும். 30 மீற்றருக்குக் கீழே இரண்டு தறி ஒன்றாக வந்தால் முடிச்சாளுக்கு முன்கூட்டியே சொல்லவும். இன்றைய நிலவரப்படி தறி 5, 16 இரண்டும் இன்றிரவு ஒன்றாக முடியும். தறி 5ஐ இரண்டாம் ஷிப்டிலேயே வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

தறி 22க்குப் பீம் ஏற்றியாகிவிட்டது, 8.45க்கு ஓடத் தொடங்கியது. ரேப்பியர் பட்டி 6 கொழும்பிலிருந்து எடுப்பிக்கக் களஞ்சியத்துக்குக் குறிப்பு அனுப்பியிருக்கிறேன், இன்றே ஓடர் போகவேண்டும்.

ஞாயிறு காலை தறி தொடங்க ஒரு மணித்தியாலம் முன்பே, 5 மணிக்கு, பம்பைப் போட வோச்சரிடம் சொல்லவேண்டும். ஒரு நாள் முழுக்கப் பூட்டிக் கிடந்த கூடத்தில் பாவு காய்ந்திருக்கும். ஈரமானி 70% காட்டாமல் சாரத் தறி எதையும் தட்டவேண்டாம்.

உற்பத்தி மேற்பார்வையாளர்
2024 ஜூலை 19, காலை 9.30