திருவான்மியூர் வரை

மாரத்தானின் இருபத்து நான்காவது கிலோமீட்டரில் அதை வலி என்று சொல்ல முடியாது. இடது கால் எலும்பின் உள்விளிம்பில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, சின்ன நெருடல். கோமதிக்கு அது மூன்று வாரப் பழக்கம். கடைசி நீள ஓட்டத்துக்கு மறுநாள், கட்டிலிலிருந்து இறங்கி வைத்த முதல் நாலு அடிகளில் இருந்தது. பல் தேய்த்து முடிப்பதற்குள் போய்விட்டது. டேப் ஒட்டிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

அதிகாலை நாலு மணிக்கு நேப்பியர் பாலத்தில் கிளம்பி, ஈசிஆரில் உத்தண்டி வரை போய்த் திரும்பும் 42 கிலோமீட்டர் பாதை. நாலு மணி நேரத்தில் முடிக்க, கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி. பாதி தூரத்தை 1:59-இல் தாண்டினாள். ஏழு, பதினாலு, இருபத்தொன்று, இருபத்தெட்டில் ஒவ்வொரு எனர்ஜி ஜெல், கூடவே இரண்டு மடக்குத் தண்ணீர். உடம்பில் சேர்த்துவைத்த சர்க்கரை தீர்ந்து பலரும் முப்பதில் சுவரில் மோதுவார்களே, அது அவளுக்கு வரவே இல்லை. மூச்சு சீராகத்தான் இருந்தது. நிற்க வேண்டும் என்பதை நம்ப முடியாமல் போனதும் அதனால்தான்.

நீலாங்கரையில் பாதத்தின் வெளி ஓரத்தில் ஊன்ற ஆரம்பித்திருந்தாள். இடது கால் தட்டிக்கழித்த சுமையை வலது தொடை வாங்கிக்கொண்டது, அதுவும் பிடித்தது. முப்பதாவது கிலோமீட்டரில் தரைவிரிப்பு பீப் அடித்து நேரத்தைப் பதிந்தபோது மூன்று நிமிடம் பின்தங்கியிருந்தாள். முப்பத்திரண்டில், தண்ணீர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு மணி தாண்டி, வெயில் முதுகில் ஏறியிருந்தது.

முதலுதவிக்கு இருந்த பிசியோ பெண் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உட்காருங்கக்கா. எங்க வலின்னு ஒரு விரலால காட்டுங்க."

காட்டினாள். அந்தப் பெண் கட்டைவிரலால் எலும்போரமாகக் கீழிருந்து அழுத்திக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் கோமதி துள்ளினாள்.

"தசையா இருந்தா நீளமா வலிக்கும். உங்களுக்கு ஒரு ரூபா அகலத்துலதான் வலிக்குது. இந்தக் கால்ல மட்டும் ஒரு தடவை குதிங்க பார்ப்போம்."

கோமதி எழுந்தாள். வலது காலைத் தூக்கினாள். இடது குதிகால் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை.

"பத்துதானே இருக்கு. நடந்தே போயிடட்டுமா?"

"நடந்தாலும் அந்த எலும்புதானே தாங்கணும்? இப்போ கீறலா இருந்தா ஆறிலிருந்து எட்டு வாரம். உடைஞ்சா மாசக்கணக்கு. உங்க இஷ்டம்க்கா."

மேசைப் பையன் அவளுடைய எண்ணைக் குறித்துக்கொண்டு வாக்கிடாக்கியில் சொன்னான். சொல்லாமல் போய்விட்டால் முடிவுக்கோட்டில் தேடுவார்களாம். கூட்டிப்போகும் வேன் வர நாற்பது நிமிடம் ஆனது. வியர்வை காய்ந்து குளிரெடுத்தது. யாரோ போர்த்திய துண்டோடு, தன்னைக் கடந்து ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயிற்சியில் அவள் ஓடிய அதிகபட்சத் தூரமும் 32தான். அன்றைக்கு இளநீர் வாங்கிக் குடித்து, குரூப்பில் படம் போட்டிருந்தாள்.

ஏன் முடிக்கவில்லை என்று மாரத்தான் அன்று மாலை மாடிவீட்டு அக்கா கேட்டதற்கு, கோமதி கால் மணி நேரம் பேசினாள்: கடற்கரைப் புழுக்கம், 800 கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த ஷூ, வங்கியில் ஆடிட் வேலை. குரூப்பில் நாலு பத்தி தட்டச்சு செய்து, அழித்துவிட்டாள். முடிவுப் பட்டியலில் முப்பது வரை நேரம். பிறகு வெறும் கோடு, ஓட்டத்தை முடிக்கவில்லை என்பதற்கான டி.என்.எஃப்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இந்தக் காயம் ஆரம்பத்தில் அதில் தெரியாதது சகஜம். எம்ஆர்ஐயில் எலும்புக்குள் வீக்கம் தெரிந்தது. விரிசல் கோடு இன்னும் விழவில்லை. எட்டு வாரம் ஓடக்கூடாது. வலி போனதும் சைக்கிள், நீச்சல்.

ஓடாத மூன்றாவது வாரம், பழைய பயிற்சிக் குறிப்பை எடுத்துக் கூட்டிப் பார்த்தாள். ஒன்பதாவது வாரம் 42 கிலோமீட்டர். பன்னிரண்டாவது வாரம் 62. நடுவில் குறைத்து ஓடிய வாரம் ஒன்றுகூட இல்லை. பென்சிலால் அந்த 62-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் புழுக்கமும் ஆடிட்டும் பேச்சில் வரவில்லை.

மார்ச் கடைசியில் பூங்காவுக்குப் போனாள். நாலு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம், ஆறு முறை. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். பெஞ்சில் இருந்த பெரியவர் கையைத் தூக்கினார்.

"எங்கம்மா, ரெண்டு மாசமா ஆளையே காணோம்? அந்த ஓட்டம் முடிச்சியா?"

"இல்ல மாமா. திருவான்மியூர்ல நின்னுட்டேன்."

"பஸ் டிப்போ கிட்டயா?"

"அதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

கைக்கடிகாரம் அதிர்ந்தது. "வரேன் மாமா," என்று சொல்லிவிட்டு அடுத்த ஒரு நிமிடத்தை ஓட ஆரம்பித்தாள்.