மனை மதிப்பை மறுபரிசீலனை செய்யக் கோரும் மனு

பெறுநர்: சார்பதிவாளர் அவர்கள்

ஐயா, வணக்கம்.

நிலுவை ஆவண எண் 37/2024-இல் கண்ட 1,200 சதுர அடி மனையை ரூ.9,00,000-க்குக் கிரயம் பெற்றுள்ளேன். மெயின் ரோட்டு வழிகாட்டி மதிப்பான சதுர அடிக்கு ரூ.1,400 வீதம் கணக்கிட்டு, ரூ.16,80,000-க்கு முத்திரைத் தீர்வை கேட்கப்பட்டுள்ளது. தீர்வையில் மட்டுமே ரூ.54,600 கூடுகிறது.

மனை மெயின் ரோட்டில் இல்லை. பின்புறம், எட்டடிச் சந்துக்குள் இருக்கிறது. மாட்டு வண்டிகூட நுழையாது. அந்தத் தெருவின் மதிப்பு ரூ.650 மட்டுமே. புல எண் ஒன்றாக இருப்பதால் குழப்பம் நேர்ந்திருக்கலாம்.

தாங்கள் நேரில் பார்வையிட்டு மதிப்பைத் திருத்த வேண்டுகிறேன். இயலாவிடில், ஆவணத்தைப் பதிவு செய்து, இந்திய முத்திரைச் சட்டப் பிரிவு 47அ(1)-இன் கீழ் மதிப்பு நிர்ணயத்துக்கு அனுப்பக் கோருகிறேன்.

இணைப்பு: புலப்பட நகல், மனையின் புகைப்படங்கள், பக்கத்து மனைக் கிரயப் பத்திர நகல்.

இப்படிக்கு,
மு. செல்வி
கிரயம் பெறுபவர்