போனில் கேட்க வேண்டியவை

தம்பி, நாளை அந்த மனநல ஆலோசகரிடம் பேசும்போது, பணம் கட்டுவதற்கு முன்பே இவற்றைக் கேட்டுவிடு.

திருநம்பிகளுக்கோ தன்பாலீர்ப்பாளர்களுக்கோ இதற்கு முன் ஆலோசனை தந்திருக்கிறீர்களா? அதற்கென்று எங்கே பயிற்சி எடுத்தீர்கள்?

"இவனை மாத்திடலாமா மேடம்?" என்று என் அம்மா கேட்டால் என்ன சொல்வீர்கள்? இதுதான் முக்கியம். "முயன்று பார்க்கலாம்" என்றால் போனை வைத்துவிடு. பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ சிகிச்சையால் அப்படி மாற்ற முயல்வதற்கு 2021-லேயே சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. "எனக்கு எல்லாரும் ஒன்றுதான்" என்று மழுப்பினாலும் விடாமல் திரும்பக் கேள்.

நான் சொல்வது வீட்டுக்குப் போகுமா? ஃபைலில் எந்தப் பெயரை எழுதுவீர்கள்? ஹார்மோன் சிகிச்சைக்குக் கடிதம் தருவீர்களா, எத்தனை சந்திப்புக்குப் பிறகு?

உனக்குத் தூக்கம் வராததையும் சொல். அதற்கும் பாலின அடையாளம்தான் காரணம் என்று உடனே முடிவுகட்டுகிறாரா பார். அப்புறம், ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டுக்கொள்.