கதவு பூட்டியாச்சு அம்மா

மாறன் அந்தப் பொய்யைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி, இலக்கணப் பிழை ஒன்றும் வந்துவிடக் கூடாது என்ற கவனத்தோடு எழுதிக்கொண்டிருந்தான். “மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு நேற்று இரவு முதல் கடும் காய்ச்சல். ஆகையால் கட்டுரையை” என்பது வரை வந்தபோது பேருந்து வந்துவிட்டது. படிக்கட்டு வரைக்கும் ஆட்கள் நின்றிருந்தார்கள். அடுத்த பேருந்துக்குக் காத்திருந்தால் ஐந்து மணிக்குள் வீடு போய்ச் சேர முடியாது. ஆகவே அவன் கைப்பேசியை அப்படியே கால்சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, கம்பியைப் பிடித்து ஏறினான். திரையை அணைக்கும் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

உள்ளே நுழைந்த பிறகு கையை அசைக்க இடமில்லை. இடப்பக்கம் ஒருவருடைய பெரிய பை அவன் தொடையில் அழுந்தியிருந்தது. பேருந்து ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் அந்தப் பை நகர்ந்து, மறுபடியும் அதே இடத்தில் வந்து அழுந்தியது. கால்சட்டைப் பையின் உட்துணி மெல்லியது. வியர்வையில் நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது. தொடுதிரைக்குத் தேவையானது விரல் அல்ல, மின்னோட்டத்தைக் கடத்தும் ஈரமான உடல் ஏதாவது அருகில் இருந்தால் போதும். நனைந்த துணிக்கு அப்பால் இருக்கும் தொடையையும் அது தொடுதல் என்றே எடுத்துக்கொள்ளும். முப்பது நொடி தொடாமல் விட்டால் தானே அணைந்துவிடும் திரை, அன்று முப்பது நொடிகூட ஓய்ந்திருக்கவில்லை.

எழுத்துப் பலகையில் அந்த அழுத்தங்கள் முதலில் உருவாக்கியவை பொருளற்ற எழுத்துக் குவியல்களே. ஆனால் எழுத்துகளுக்கு மேலே, அடுத்து என்ன சொல் வரக்கூடும் என்று கைப்பேசி ஊகித்துக் காட்டும் மூன்று சொற்களின் வரிசை ஒன்று உண்டு. யாருடைய கைப்பேசியோ அவர் அடிக்கடி எழுதும் சொற்களைத்தான் அது நினைவில் வைத்திருக்கும்; எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல்லை எழுதுவார் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். மாறன் கடந்த எட்டு மாதங்களாக ஒவ்வொரு மாலையும் தன் அம்மாவுக்கு எழுதிவந்த சொற்கள் அந்த வரிசையில் காத்திருந்தன. தொடை அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தியது. பிறகு, அனுப்பும் பொத்தானையும் அழுத்தியது.

பள்ளியில் ஆசிரியர் அறையில் அமர்ந்து, தமிழ் ஐயா கட்டுரை ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். நாற்பது மாணவர்களில் மூன்று வாரமாகக் கட்டுரை கொடுக்காதவன் ஒருவன் மட்டுமே. அவனை அன்று காலையில் எழுப்பி நிற்க வைத்து, “உனக்குப் படிப்பில் அக்கறை இருக்கிறதா, இல்லையா? இருந்தால் இன்றைக்கே காரணத்தை எழுதி அனுப்பு” என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டிருந்தார். வகுப்பில் கண் சொருகுபவன், மாலைச் சிறப்பு வகுப்புக்கு ஒரு நாளும் நிற்காதவன், மணி அடித்ததும் ஓடுபவன் என்று அவனைப் பற்றி அவர் ஒரு முடிவுக்கு வந்து நெடுநாளாகிவிட்டது. கைப்பேசியில் அவன் பெயர் தெரிந்ததும், எதிர்பார்த்த காரணம் வந்துவிட்டது என்றே அவர் எண்ணினார்.

முதல் செய்தி இப்படி இருந்தது: “மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு நேற்று இரவு முதல் கடும் காய்ச்சல். ஆகையால் கட்டுரையை ககதபப தாத்தா மாத்திரை குடுத்துட்டேன் அம்மா தாத்தா”.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் படித்தார். அதற்குள் அடுத்தது வந்தது. “கதவு பூட்டியாச்சு அம்மா கதவு பூட்டியாச்சு அம்மா கதவு”. அதன் பின் வெறும் புள்ளிகள். அதன் பின், “தாத்தா தூங்கல அம்மா நான் முழிச்சுட்டு இருக்கேன் நீ பயப்படாத”. பிறகு ஒன்பது நொடி நீளமுள்ள ஒரு குரல் பதிவு. எழுதும் கட்டம் காலியானதும் அனுப்பும் பொத்தான் இருந்த அதே இடத்தில் ஒலிவாங்கி வந்து நிற்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். பதிவைக் கேட்டபோது இயந்திர இரைச்சலும், உள்ளே நகரச் சொல்லும் யாரோ ஒருவரின் அதட்டலும் மட்டுமே இருந்தன. பையன் பேருந்தில் இருக்கிறான், கைப்பேசி பைக்குள் இருக்கிறது, அவன் எதையும் அறியவில்லை என்பது அப்போது அவருக்குத் தெளிவாகியது.

வேறொருவருடைய கடிதத்தைப் படிப்பது தகாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவர் அவர். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். அது மேசையின்மீது அதிர்ந்துகொண்டே இருந்தது. காய்ச்சல் என்று சொல்லும் பையன் பேருந்தில் நெரிந்துகொண்டு போகிறான் என்ற எண்ணமும், ‘நீ பயப்படாத’ என்ற சொற்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்ததால், இறுதியில் அவர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

“தாத்தா வெளிய போயிட்டாரு அம்மா தேடிட்டு வரேன்”. “தாத்தா கிடைச்சாச்சு”. “தாத்தா நான் யாருன்னு கேக்குறாரு அம்மா பரவால்ல”. “கதவு பூட்டியாச்சு அம்மா”.

இருபத்தாறு ஆண்டுகளாக மாணவர்களின் எழுத்தைத் திருத்தி வருபவருக்கு, ஒரு வாக்கியம் எங்கே மனத்திலிருந்து வருகிறது, எங்கே மனப்பாடத்திலிருந்து வருகிறது என்பதைப் பிரித்தறிய அதிக நேரம் ஆகாது. முதல் வரியில் இருந்த ‘ஆகையால்’ தேர்வுத்தாளில் எழுதும் சொல். ‘பரவால்ல’ அப்படிப்பட்டதல்ல. பல முறை எழுதியிருந்தால் மட்டுமே கைப்பேசி அந்தச் சொற்களைத் தானாக எடுத்து நீட்டும் என்பதை எண்ணியபோது, அவர் கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். காலையில் எல்லார் முன்னிலையிலும் தாம் கேட்ட கேள்வி அவருக்கு நினைவுக்கு வந்தது. அந்தக் கேள்விக்குப் பையன் தலையைக் குனிந்து நின்றான். அதைத் திமிர் என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

மாறனால் அப்போது வேறு விதமாக நிற்க முடிந்திருக்காது. நினைவு இன்னும் முழுதாகக் கலங்காத நாள்களில், ஒரு மாலை, தாத்தா அவனை அருகில் அழைத்து, “எனக்கு என்னவோ ஆகிக்கொண்டு வருகிறது, தம்பி. ஊரார் வாயில் இது விழ வேண்டாம். யாரிடமும் சொல்லாதே” என்று கேட்டுக்கொண்டார். அப்படிக் கேட்டதைத் தாத்தா மறந்துவிட்டார். மாறன் மறக்கவில்லை. அம்மா இரண்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பி இரவு பத்தரைக்குத் திரும்புவாள். ஐந்து மணி வரை மாடி வீட்டு அத்தை பார்த்துக்கொள்வார். அதன் பிறகு மாறன். பொழுது சாயும் வேளையில்தான் தாத்தாவுக்கு நிலைகொள்ளாமை மிகுதியாகும். தாம் சிறுவனாக இருந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று செருப்பைத் தேடுவார். கதவின் தாழ்ப்பாளில் மாறன் ஒரு சிறிய மணியைக் கட்டி வைத்திருந்தான். இரவில் அது ஒலித்தால் எழுந்துவிடுவான். சில இரவுகளில் அது ஒலிக்காமலே எழுந்து உட்கார்ந்திருப்பான்.

ஐந்து மணி இரண்டு நிமிடத்துக்குப் பேருந்து அவனுடைய நிறுத்தத்தை அடைந்தது. இறங்கியதும் நேரம் பார்க்கக் கைப்பேசியை எடுத்தான். திரை சூடாக இருந்தது. ஐயாவின் பெயருக்குக் கீழே அவன் பக்கத்திலிருந்து பதினான்கு செய்திகள் போயிருந்தன.

முதலில் அவனுக்கு ஒன்றுமே புரியவில்லை; பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. எல்லாருக்கும் அழித்துவிடும் வழி உண்டு என்பது நினைவுக்கு வந்து, கடைசிச் செய்தியின்மீது விரலை அழுத்தினான். அதன் ஓரத்தில் இரண்டு குறிகளும் நீலமாகியிருந்தன. மேலே நகர்த்திப் பார்த்தான். எல்லாமே நீலமாக இருந்தன. தாத்தாவுக்குக் கொடுத்த வாக்கைத் தன் வாயால் மீறவில்லை. ஆனாலும் வாக்கு மீறப்பட்டுவிட்டது. கால்கள் நடையைத் தொடங்கிவிட்டன, கண்கள் மட்டும் திரையிலேயே நின்றன. ஐயா எழுதிக்கொண்டிருக்கிறார் என்று மேலே தெரிந்தது. நின்றது. மறுபடி தெரிந்தது. அவனைக் கண்டிக்கும்போது ஐயா ஒருபோதும் சொல் தேடித் தயங்கியதில்லை.

“தாத்தா இப்போது யாருடன் இருக்கிறார்?”

இந்தக் கேள்வியை மாறன் எதிர்பார்த்திருக்கவில்லை. தெருமுனையில் நின்று, “மாடி வீட்டு அத்தை ஐயா. ஐந்து மணி வரைதான் இருப்பார்” என்று எழுதினான். கை நடுங்கியதால் இரண்டு முறை திருத்த வேண்டியிருந்தது.

“ஐந்து ஆகிவிட்டது. வீடு எவ்வளவு தூரம்?”

“நடந்தால் பத்து நிமிடம் ஐயா.”

“முதலில் போ. மற்றதைப் பிறகு எழுதலாம்.”

அவன் ஓடினான். அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். அவனைக் கண்டதும் கையசைத்துவிட்டு மாடிப்படி ஏறினார். தாத்தா நாற்காலியின் நுனியில், ஒரு காலில் மட்டும் செருப்போடு, எங்கோ கிளம்ப ஆயத்தமானவர்போல் அமர்ந்திருந்தார். மாறன் அந்தச் செருப்பைக் கழற்றினான், மணி கட்டிய தாழ்ப்பாளைப் போட்டான், மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தான். “நீ யார் பிள்ளை?” என்று தாத்தா கேட்டார். அவன் அம்மாவின் பெயரைச் சொன்னான். “நல்ல பிள்ளை அவள்” என்றார் தாத்தா.

பிறகுதான் கைப்பேசியை எடுத்தான். அம்மாவுக்கு வழக்கமான செய்தியை அனுப்பிவிட்டு, ஐயாவின் பக்கத்தைத் திறந்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இறுதியில், “எனக்குக் காய்ச்சல் இல்லை ஐயா” என்று எழுதினான்.

“தெரியும்.”

“தாத்தா யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டிருந்தார்.”

இம்முறை பதில் வர நேரமாயிற்று. “நீ சொல்லவில்லை. நானும் யாரிடமும் சொல்லப்போவதில்லை. காலையில் வகுப்பில் உன்னிடம் அப்படிக் கேட்டது என் தவறு. அதை வகுப்பிலேயே சொல்வேன், காரணம் சொல்லாமல். நாளை முதல் மதிய இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு வா. சிறப்பு வகுப்பில் நடத்துவதை அங்கே அரை மணி நேரம் பார்த்துவிடலாம். கட்டுரையையும் அங்கேயே உட்கார்ந்து எழுது.” சற்று இடைவெளிக்குப் பின் இன்னொன்று வந்தது: “அம்மாவுக்கு விருப்பம் இருந்தால் ஒரு நாள் காலையில் அவரிடம் நான் பேசுகிறேன். விருப்பம் இல்லையென்றால் வேண்டாம்.”

மாறன் அதை இரண்டு முறை படித்தான். தாத்தா நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததால், எழுந்துபோய் ஒரு தலையணையை வைத்துவிட்டு வந்தான். பதில் எழுத வேண்டும் என்று பலகையைத் திறந்தபோது, என்ன எழுதுவது என்று தெரியாமல் “தாத்தா தூங்கிட்டாரு” என்று மட்டும் எழுதினான். மேலே இருந்த வரிசை, எட்டு மாதப் பழக்கத்தில், அடுத்த சொல்லாக ‘அம்மா’ என்று காட்டியது. அவன் அதைத் தொடாமல், ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி, ‘ஐயா’ என்று எழுதி அனுப்பினான்.