வளரிளம் பெண்களின் ரத்தசோகை ஆய்வு முன்மொழிவு: முறையியல் பற்றிய கருத்து

வணக்கம் டாக்டர்,

உங்கள் முன்மொழிவை இரண்டு முறை படித்தேன். கேள்வி நல்ல கேள்வி. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21) சொல்கிறது, அதைத் தருமபுரிப் பள்ளி மாணவிகளிடம் நேரில் போய்ப் பார்க்க நினைத்தது சரிதான். ஆனால் இப்போது இருக்கிற வடிவில் கமிட்டிக்கு அனுப்ப என்னால் பரிந்துரைக்க முடியாது, திருத்தி மறுபடி கொடுங்கள்.

முதலில் மாதிரி அளவு. 100 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள், எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி கூட இல்லை. p = 0.53 என்று வைத்துக்கொண்டால் 100 பேரில் உங்களுக்குக் கிடைக்கும் விடை 53 சதவீதம், அதற்கு இரு பக்கமும் 10 புள்ளி. அதாவது உண்மை 43 ஆகவும் இருக்கலாம், 63 ஆகவும் இருக்கலாம், அதை வைத்து யாருக்கு என்ன சொல்ல முடியும்? ±5 வேண்டுமென்றால் கணக்கு இது:

```
n = Z²pq/d²
  = (1.96² × 0.53 × 0.47) / 0.05²  ≈ 383
```

இதோடு முடியவில்லை. நீங்கள் பள்ளி பள்ளியாக எடுக்கிறீர்கள். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே ஊர்க்காரர்கள், ஏறக்குறைய ஒரே சாப்பாடு, ஆகவே முப்பது பேரிடம் எடுத்தாலும் முப்பது தனித்தனித் தகவல் கிடைக்காது. டிசைன் எஃபெக்ட் 2 என்று பெருக்கி, பத்து சதவீதம் பேர் வரமாட்டார்கள் என்று வைத்து 0.9-ஆல் வகுத்தால் 850 தாண்டுகிறது.

இரண்டாவது நோக்கத்தை (வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை போடுபவர், போடாதவர் ஒப்பீடு) விட்டுவிடுங்கள். 50-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசத்தை 80 சதவீதப் பவரோடு பிடிக்கவே ஒரு பக்கத்துக்கு சுமார் 385 பேர் வேண்டும், அதுவும் பள்ளிக் கணக்கைச் சேர்க்காமல். அப்படியே ஆள் கிடைத்தாலும், ஒரே நாளில் எடுக்கும் தகவலில் மாத்திரை போட்டதால் ரத்தம் கூடியதா, ரத்தம் குறைவு என்று தெரிந்ததால் மாத்திரை போட ஆரம்பித்தாளா என்று பிரிக்க வழியில்லை.

அப்புறம் ஒருசார்பு, எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கிற மூன்று அரசுப் பள்ளிகள், அன்றைக்கு வந்திருக்கிற, விருப்பமுள்ள மாணவிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். தலைப்போ "தருமபுரி மாவட்ட வளரிளம் பெண்கள், 15-19 வயது". பத்தாவதோடு நின்று ஸ்பின்னிங் மில்லுக்குப் போன பெண் இதில் எங்கே வருகிறாள்? உடம்பு முடியாமல் அன்று லீவு போட்ட பிள்ளை? ஊசிக்குப் பயந்து பின் பெஞ்சில் நின்றுகொள்ளும் பிள்ளை? ரத்தம் குறைவாக இருக்க அதிக வாய்ப்புள்ளவர்களே கழன்று போகிறார்கள், ஆகவே உங்கள் சதவீதம் உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும். தலைப்பை "அரசு மேல்நிலைப் பள்ளிகளின் +1, +2 மாணவிகள்" என்று சுருக்குங்கள், பள்ளிகளைப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுங்கள், பெயர்ப் பதிவேட்டிலிருந்தே மாணவிகளைத் தேர்ந்தெடுத்து, அன்று வராதவர்களுக்காக இன்னொரு நாள் போங்கள்.

மாத்திரை பற்றிய கேள்வியை வகுப்பாசிரியர் கேட்பார் என்று இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். மாத்திரை கொடுப்பவரே "போட்டாயா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளை இல்லை என்று சொல்லும்? விரல் நுனி ரத்தத்திலும் கவனம்: முதல் சொட்டைத் துடைக்க வேண்டும், விரலைப் பிழியக் கூடாது, பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு மாறும். எல்லாப் பள்ளியிலும் ஒரே ஆள் எடுக்கட்டும், அதை நெறிமுறையில் எழுதுங்கள்.

கால அளவு ஜனவரி முதல் ஜூன் வரை ஆறு மாதம். தாளில் சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் நாள்காட்டியைத் திறந்து பாருங்கள். எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல், முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி, இரண்டும் வருவதற்குள் பிப்ரவரி. அப்போது +2 செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு, மே விடுமுறை. 18 வயதுக்குக் கீழே இருப்பதால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும், அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் பாட்டி வீட்டில் இருக்கும் பிள்ளையின் படிவம் திரும்பி வர ஒரு வாரம் போதாது.

என் யோசனை: துல்லியத்தை ±7 ஆக்குங்கள். அதே கணக்கில் 195, இரண்டால் பெருக்கி 390, வராதவர்களைச் சேர்த்து 434. பதினைந்து பள்ளி, பள்ளிக்கு 29 பேர், ஒரு நாளைக்கு ஒரு பள்ளி, மீள்வருகைக்கு ஆறேழு நாள். ஆக மூன்றரை வாரக் களப்பணி. அனுமதிகளை ஜனவரியிலேயே கேட்டுவிட்டு, ஜூலையில் களத்தில் இறங்குங்கள். வழிகாட்டியிடம் காலத்தை செப்டம்பர் வரை நீட்டிக் கேளுங்கள், நானும் ஆதரித்து எழுதுகிறேன்.

ரத்தம் மிகக் குறைவாக வரும் பிள்ளையை அன்றே யார், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது என்பதும் முன்மொழிவில் இல்லை. அதைச் சேர்க்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். திருத்தியதை அடுத்த வெள்ளிக்குள் அனுப்புங்கள், புதிய கணக்கை உட்கார்ந்து ஒருமுறை சேர்ந்து பார்த்துவிடலாம்.