சிறிய பிளேட் பாஸ்டுரைசரைக் கழற்றாமல் கழுவும் முறை: இரவு ஷிஃப்டுக்கான செயல்முறைத் தாள்

இந்தத் தாள் மணிக்கு 500 லிட்டர் ஓடும் நம் பாஸ்டுரைசருக்கு எழுதியது. பேலன்ஸ் டேங்க், பம்ப், பிளேட் அடுக்கு, ஹோல்டிங் டியூப், டைவர்ஷன் வால்வு, திரும்பும் குழாய் எல்லாம் சேர்ந்து சுற்றில் 200 லிட்டர் பிடிக்கும். மருந்து அளவுகள் அந்த 200 லிட்டருக்குத்தான். வேறு இயந்திரத்துக்கு அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

தொடங்கும் முன் கண்ணாடி, முகமூடி, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, ஏப்ரன், பூட்ஸ் எல்லாம் போட்டாக வேண்டும். குளிர்நீர் வால்வை மூடி, அந்தப் பகுதியில் நிற்கும் நீரை வடித்துவிடுங்கள். இதை மறந்தால் ஹீட்டர் எவ்வளவு உழைத்தாலும் கரைசல் சூடேறாது. பிளேட்டின் குளிர்ப் பகுதி கழுவப்படாமலே நிற்கும்.

முதல் அலசல்

கடைசிப் பால் வெளியேறிய உடனே தண்ணீரை விடுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம் என்று விட்டால் பிளேட்டில் பால் காய்ந்துவிடும். தண்ணீர் 40 முதல் 45 டிகிரி இருக்கட்டும். அதில் கொழுப்பு இளகும். 60 டிகிரிக்கு மேல் போனால் ஒட்டியிருக்கும் புரதம் வெந்து பிளேட்டிலேயே பிடித்துக்கொள்ளும், அதனால் சூடு அதிகமானால் நல்லது என்று நினைக்க வேண்டாம்.

திரும்பி வரும் நீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, பின்னால் கறுப்பு அட்டையை வைத்துப் பாருங்கள். கொஞ்சம் கலங்கல் தெரிந்தாலும் இன்னும் ஓடட்டும். பெரும்பாலும் 10 நிமிடம் ஆகும். இந்த நீரைச் சுற்றவிடாமல் வெளியே விட வேண்டும்.

காரக் கழுவல்

3 கிலோ காஸ்டிக் சோடா ஃப்ளேக்ஸ், அதாவது 1.5 சதவீதம். பிளாஸ்டிக் வாளியில் 20 லிட்டர் குளிர்ந்த தண்ணீரை முதலில் எடுத்து, அதில் காஸ்டிக்கைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, கொதித்துத் தெறிக்கும். முறையாகக் கலக்கினாலும் வாளி தானாகவே நன்றாகச் சூடாகும், அது இயல்புதான். அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். காஸ்டிக் அதைத் தின்று ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

கரைசலைப் பேலன்ஸ் டேங்கில் ஊற்றிச் சுற்றவிட்டு, திரும்பும் குழாயின் வெப்பமானியைப் பாருங்கள். டேங்க் சூடு கணக்கில் வராது. திரும்பி வருவது 75 டிகிரியைத் தொட்ட நேரத்திலிருந்து 25 நிமிடம் எண்ண வேண்டும். 80ஐத் தாண்ட விடாதீர்கள். நடுவில் 75க்குக் கீழே இறங்கினால், இறங்கியிருந்த நேரம் கணக்கில் சேராது.

வேகமும் அவசியம். பால் ஓடும் வேகத்தில் கரைசல் ஓடினால் பிளேட்டின் இடுக்குகள் உரசிக் கழுவப்படாது. ஃப்ளோ கன்ட்ரோலைத் திறந்து மணிக்கு 800 லிட்டராவது வரச் செய்யுங்கள். முதல் அலசல் நேரத்திலேயே இதைப் பார்த்துவிடலாம்: 20 லிட்டர் வாளி 90 விநாடிக்குள் நிரம்ப வேண்டும்.

10 நிமிடம் சுற்றியதும் 10 மி.லி. எடுத்து ஆறவைத்து, பினாஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, 0.5 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் டைட்ரேட் செய்யுங்கள். ரோஜா நிறம் மறையும்வரை செலவான மி.லி.யை 0.2 ஆல் பெருக்கினால் சதவீதம். 7.5 மி.லி. செலவானால் 1.5. ஆறு மி.லி.க்குக் கீழே வந்தால் காஸ்டிக் சேர்த்து மறுபடி 25 நிமிடம்.

சுற்றும் நேரம் முழுக்க ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டைவர்ஷன் வால்வை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

நடு அலசல்: அவசரப்படக் கூடாத இடம்

வேலையில் எனக்கு அதிகக் கவலை தரும் இடம் இதுதான். காரக் கரைசலைப் பாத்திரத்துக்கு வடித்து, சாதாரண நீரால் அலசுங்கள். புரதம் கலந்த கார மிச்சம் உள்ளே இருக்கும்போது அமிலம் போனால் புரதம் திரிந்து மறுபடி பிளேட்டில் படியும். அமிலமும் வீணாகும்.

சோதனைக்கு முன் நம் குழாய்த் தண்ணீரை ஒரு சோதனைக் குழாயில் எடுத்துப் பினாஃப்தலீன் விட்டு ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று இடத்தில் மாதிரி எடுங்கள்: திரும்பும் குழாய் முனை, டைவர்ஷன் குழாய், ஹோல்டிங் டியூப் அடியிலுள்ள மாதிரிக் குழாய். மூன்றும் ஒப்பீட்டு நீரைப் போலவே நிறமில்லாமல் இருக்க வேண்டும், இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. வெளிர் ரோஜா தெரிந்தால் அலசல் தொடரட்டும்.

மூன்று இடம் ஏன் என்று கேட்பீர்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் திரும்பும் குழாயில் மட்டும் பார்த்து "சரி" என்று எழுதினேன். டைவர்ஷன் பக்கம் அன்று திறக்கவே இல்லை. காலையில் வெப்பம் சற்று இறங்கி வால்வு மாறியது. தேங்கி நின்ற காரம் பாலோடு பேலன்ஸ் டேங்குக்கு வந்துவிட்டது. சோப்பு வாடை வந்ததால்தான் கண்டுபிடித்தோம். டேங்கில் இருந்த பால் முழுவதையும் கொட்டினோம். அதற்குப் பிறகு ஒரே இடத்து மாதிரியை நம்பி நான் கையெழுத்துப் போட்டதில்லை.

விரலால் தொட்டு வழுக்குகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த வழுக்கல், காரம் உங்கள் தோலையே சோப்பாக்குவதால் வருவது.

அமிலக் கழுவல்

கொழுப்பையும் புரதத்தையும் காரம் எடுத்துவிடும். கால்சியம் பாஸ்ஃபேட்டான மில்க் ஸ்டோனை அது கரைக்காது, அதற்குத்தான் நைட்ரிக் அமிலம். 60 சதவீத அமிலம் 2 லிட்டர் 200 லிட்டருக்குப் போதும், சுமார் 0.8 சதவீதம் வரும். இங்கேயும் தண்ணீரில்தான் அமிலம் ஊற்ற வேண்டும். திரும்பும் குழாயில் 60 முதல் 65 டிகிரி, 15 நிமிடம். அளவும் சூடும் கூடினால் காஸ்கெட் ரப்பர் கெட்டிப்பட்டு வெடிக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சோதனை மேசையோடு சரி, இயந்திரத்துக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குழி விழும். குளோரின் கலந்த எதையும் அமிலத்தோடு சேர விடாதீர்கள், நச்சு வாயு வரும்.

இங்கேயும் டைவர்ஷன் வால்வை மாற்றி மாற்றி ஓட்ட மறக்காதீர்கள்.

கடைசி அலசலும் காலை வேலையும்

அதே மூன்று இடங்களில் பி.எச். தாளால் பாருங்கள். 7 வர வேண்டும் என்பதில்லை, நம் குழாய்த் தண்ணீரின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும். இதுவும் இரண்டு தடவை. பிறகு அடிவால்வைத் திறந்து முழுவதும் வடியவிடுங்கள். காலையில் பால் விடும் முன் 85 டிகிரி வெந்நீர், திரும்பும் குழாயில் அளந்து, 15 நிமிடம்.

72 டிகிரிக்குப் பாலைக் கொண்டுவர வழக்கத்தைவிடச் சூடான வெந்நீர் தேவைப்பட்டாலும், பிளேட் அடுக்கின் முன்பின் அழுத்த வித்தியாசம் கூடினாலும் உள்ளே படிவு சேர்கிறது என்று அர்த்தம். என்னிடம் சொல்லுங்கள், பிளேட்டைத் திறந்து பார்ப்போம். ஈரம் காய்ந்த பிளேட்டின் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் சுத்தமான இடம் பளிச்சென்று இருக்கும், படிவுள்ள இடம் சுண்ணாம்பு தடவியது போல மங்கலாகத் தெரியும்.

வெப்பம், நேரம், டைட்ரேஷன் அளவு, மூன்று மாதிரிகளின் முடிவு எல்லாவற்றையும் அந்தந்த நேரத்திலேயே எழுதுங்கள். இரவு கழுவியவரும் காலையில் சரிபார்த்தவரும் கையெழுத்துப் போட்ட தாள் பேலன்ஸ் டேங்க் பக்கத்துக் கொக்கியில் தொங்கும்வரை பால் வால்வைத் திறக்கக் கூடாது.